ஒரு கழி நீளம் தள்ளி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு கணக்கு ஏன் தப்பாக வந்தது என்று தெரியும்வரை சோறு இறங்காது. தப்பைத் திருத்துவது எனக்கு ரெண்டாம்பட்சம். அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று முதலில் தெரியணும். மீஞ்சூரிலிருந்து தினமும் பழவேற்காட்டுக்கு சர்வே வேலைக்குப் போய்வந்த அந்த நாட்களில், இந்தப் பழக்கத்தால் ஒருவருடைய பிழைப்பே என் கையில் வந்து மாட்டிக்கொண்டது.

பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஏரிக்கரைக் குப்பங்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் நீண்ட குழாய்ப்பாதை. அதற்குக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. வழிநெடுக சில கிலோமீட்டருக்கு ஒரு ஜோடியாகக் கான்கிரீட் தூண்களைப் புதைத்தோம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரிய வேண்டும். தலையில் ஒரு போல்ட், அதன் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் இடமும் உயரமும்தான் எங்கள் ஆதாரம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்த பிள்ளைகள். உயரத்துக்கு லெவல் எடுத்துக்கொண்டே போய், புறப்பட்ட தூணுக்கே திரும்பி வந்து, புறப்பட்ட உயரமே வந்து கணக்கு மூடுகிறதா என்று பார்ப்போம். மூடியது. மில்லிமீட்டர் கணக்கில்தான் வித்தியாசம், அதுவும் அனுமதித்த அளவுக்குள்ளே. அன்றைக்கு நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

பாதை ஒரு இடத்தில், ஏரியிலிருந்து கைபோல நீளும் ஆழமில்லாத ஒரு நீர்ப்பகுதியைக் கடக்கிறது. இந்தக் கரையில் டச்சுக் கல்லறைக்குப் போகும் வழியோரம் ஒரு ஜோடித் தூண், அந்தக் கரையில் சவுக்குத் தோப்பு ஓரம் ஒரு ஜோடி. நடுவே தண்ணீரில் இருபது மீட்டருக்கு ஒன்றாகச் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். தரையில் ஒரு முளை இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. தண்ணீரில் கம்பு ஆடும், சேறு இளகும், அதனால் பத்து சென்டிமீட்டர் வரை விட்டுவைத்திருந்தோம்.

பள்ளம் தோண்டுகிறவர்களிடம் ஒப்படைக்கும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு: எந்தத் தூணில் அளவுக் கருவியை வைத்துக் கம்பு நட்டாயோ, அதிலிருந்தே சரிபார்க்காதே. அதே தப்பு அதே முகத்தோடு திரும்ப வந்து 'எல்லாம் சரி' என்று தலையாட்டும். அதனால் கருவியைத் தோப்பு ஓரத் தூணில் வைத்து, பக்கத்துத் தூணைப் பார்த்துத் திசையைப் பூட்டினேன். என் உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கம்பு கம்பாகப் படகில் போனார். படகைக் கழியால் தள்ளியவர் நாங்கள் வாடகைக்கு அமர்த்தியிருந்த மீனவர். நாற்பது வயதிருக்கும், வாய் திறக்காத ஆள்.

கரையோரக் கம்புகள் கச்சிதமாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று வரை சரி. அடுத்தது நாலு மீட்டர் இருபது தள்ளி நின்றது.

"அண்ணே, கண்ணாடிய கம்பு மேல சாய்ச்சு வெச்சிருக்கீங்களா, இல்ல வேடிக்கை பாக்குறீங்களா?" என்று வாக்கிடாக்கியில் கத்தினேன்.

"கம்பு மேலதான் மேடம் வெச்சிருக்கேன். என்னைய ஏன் வையிறீங்க?"

அடுத்ததும் நாலு இருபது. அதற்கடுத்ததும் அப்படியே, வடக்குப் பக்கமாக. எட்டுக் கம்புகள் வரிசையாக இப்படி. அதன்பிறகு மறுகரைவரை எல்லாம் பழையபடி சரி.

கோபம் மூக்குக்கு மேலே வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் எனக்குக் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன். நடும்போது திசையைத் தப்பாகப் பூட்டியிருந்தால் தூரம் ஏற ஏற விலகலும் ஏறும். தப்பான தூணில் கருவியை வைத்திருந்தால் எல்லாக் கம்பும் விலகும். காற்றும் நீரோட்டமும் சாய்த்திருந்தால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று கிடக்கும். முதலில் சரி, நடுவில் மட்டும் ஒரே அளவு, கடைசியில் சரி. எந்தக் கருவிக்கும் இந்த மாதிரித் தப்புச் செய்யத் தெரியாது. இது மனுஷன் வேலை.

திசையை மறுபடி பார்த்தேன், கருவி அசையவில்லை. படகைக் கரைக்கு வரச்சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கம்புகள் நெட்டுக்குத்தலாக, நாங்கள் நட்டதைவிட உறுதியாக நிற்கின்றன. துணி முடிச்சுகூட அவிழவில்லை. பிடுங்கி எறிய நினைத்தவன் இவ்வளவு மரியாதையாக நடுவானா? நாலு மீட்டர் இருபது. அது என்ன அளவு? டேப் வைத்து அளந்தவன் நாலு என்பான், ஐந்து என்பான். இந்த இருபது எங்கிருந்து வந்தது?

யோசித்துக்கொண்டே குனிந்தபோது, படகுக்குள் கிடந்த கழி என் காலில் இடித்தது. சும்மாதான் டேப்பை எடுத்தேன், சத்தியமாகச் சும்மாதான். ஒரு முனையில் கொக்கியை மாட்டி இழுத்தேன். நாலு மீட்டர் இருபது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனிதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

"நான்தான் மேடம்" என்றார். "பிடுங்கிப் போடல. ஒடைக்கல. ஒரு கழி தள்ளி வெச்சேன். நேரா இருக்குதுன்னு பாக்குறீங்களே, அந்த நேர் உங்களுது. தள்ளுனது மட்டும்தான் என்னுது."

"எதுக்குய்யா? இது விளையாட்டா?"

அவர் கழியால் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கேதான் அவர்கள் வலைக்கு முக்கியமான கம்புகளை நடுவார்களாம். இந்த ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களைக் குலுக்கல் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த இடத்து முறை இந்த மழைக்கு முன்னால், இறால் ஓடுகிற சமயத்தில், அவருக்கு விழுந்திருக்கிறது. வருஷக்கணக்காக ஒன்றுக்கும் ஆகாத இடமாகவே விழுந்துகொண்டிருந்ததாம். ஊர்க் கூட்டத்தில் எங்கள் ஆட்கள் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது அவர் கடலுக்குப் போயிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? எங்கள் வரைபடத்தில் ஏரி வெறும் நீலம். அதில் ஒரு வலையும் இல்லை, ஒரு கம்பும் இல்லை.

"பைப்புக்கு ரெண்டு பக்கமும் மூணு மீட்டருக்குக் கம்பு நடக்கூடாதுன்னு சொன்னாங்களாமே. உங்க கோடு எங்க கம்புக்கு ஒரு முழம் பக்கத்துல போவுது. அப்ப எங்க போயி நடுறது? என் முறை மட்டும் இல்ல மேடம், இனிமே அந்த எடத்துல எவனுக்குமே முறை இல்ல." பிறகு கேட்டார்: "சேத்துக்குள்ள போற பைப்புக்கு இங்க இன்னா, அங்க இன்னா?"

நான் நன்றாகவே திட்டினேன். சர்வே கம்பைத் தொட்டால் போலீசுக்குப் போகும், தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். போலீசுக்குப் போனால் ஊரும் சும்மா விடாது, குலுக்கலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார்.

ஆனாலும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இங்க இன்னா, அங்க இன்னா? உண்மையிலேயே என்ன வித்தியாசம்? கம்பு கோட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர்தான் விலகலாம். சரி. ஆனால் கோடு? எங்களுக்குக் கிடைத்த அனுமதி பத்து மீட்டர் அகலப் பட்டைக்கு, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஐந்து ஐந்து. பள்ளமோ அரை ஆள் அகலம்தான். நாலு இருபது அந்தப் பட்டைக்குள்ளேதான் வருகிறது.

சைட் இன்சார்ஜிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் எகிறினார்.

"கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு கம்ப பழைய எடத்துல நடும்மா. நீ இன்னா அவனுக்கு வக்கீலா?"

"கம்ப பழைய எடத்துல நட்டுட்டேன் சார். கோட்டைப் பத்திதான் கேக்கறேன். தள்ளுன எடத்துல தரை எப்படி இருக்குன்னு ஒரு நாள் பாத்துட்டு வரேன். சரியில்லன்னா கம்ப்ளெயின்ட் நானே எழுதறேன்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தரையில் ஒரு குழி இருந்தால் போச்சு. குழாய் அந்தரத்தில் தொங்கும், நான் என் கையாலேயே எழுதிக்கொடுக்க வேண்டும்.

தூணின் உயரத்திலிருந்து லெவல் எடுத்து, கரையோரம் அளவுப்பலகை ஒன்றை நட்டோம். ஏரித்தண்ணீர் ஏறும் இறங்கும். அண்ணன் பலகையில் தண்ணீர் மட்டத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருக்க, நான் படகில் ஆழம் பார்த்தேன். தண்ணீர் மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் தரையின் உயரம். படகைத் தள்ளியவர் அவரேதான். ஒவ்வொரு அளவுக்கும் என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். குழி இல்லை. தரை கொஞ்சம் மேடாகவே இருந்தது. குழாயை மூட மண் பழைய கோட்டைவிட நன்றாகக் கிடைக்கும்.

அவர் செய்ததிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் நடுவில் சடாரென்று ஒரு கழி தாவியிருந்தார். பிளாஸ்டிக் குழாய் வளையும்தான், ஆனாலும் அதைச் சங்கடப்படுத்துவானேன். அந்த எட்டையும் அவர் தள்ளிய தூரத்திலேயே விட்டு, இரண்டு பக்கமும் சில கம்புகளைச் சேர்த்துக்கொண்டு மெதுவாக விலகி மெதுவாகத் திரும்பும்படி வளைவு போட்டேன். மீனவர்கள் கம்பு நடும் இடம் அடிபடுவதால் கோட்டை மாற்ற வேண்டும் என்று காரணத்தையும் உள்ளபடியே எழுதினேன். இன்சார்ஜ் முணுமுணுத்துக்கொண்டே மேலே அனுப்பினார். ஒப்புதல் வந்தது. கம்ப்ளெயின்ட் யாருக்கும் போகவில்லை.

புதிய கோட்டின் கம்புகளைத் தூணிலிருந்து அளந்து நட்டு, எதிர்க்கரைத் தூணிலிருந்து சரிபார்க்க மறுபடி படகில் போனோம். அன்று ஏரித்தண்ணீர் ஏறியிருந்தது; நடுவே ஆழம் கூடும் இடத்தில் படகு திணறியது. அவர் ஓரத்தில் குப்புறச் சாய்ந்து, தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டுக் கழியை ஊன்றினார்.

"இன்னாச்சு?" என்றேன்.

"கழி எட்டல."

"மொத தடவை கம்பு பாத்தப்ப இதே அளவு தண்ணியில எட்டுச்சே."

அவர் அசடு வழிந்தார். "நீங்க அளந்தீங்க இல்ல, அன்னிக்கே பயந்துபோயி ஒரு மொழம் அறுத்துட்டேன் மேடம். போலீஸ் வந்து அளந்தா ஒத்துப்போகக் கூடாதுன்னு."

அண்ணன் படகே ஆடும்படி சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் அவர் தன் முறையில் வலை கட்டினார் என்று அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. குழாய் போட்டு முடிந்து, போட்டபடியே அளந்து கடைசி வரைபடமும் கொடுத்துவிட்டேன். இப்போதும் புதிதாக வேலைக்குச் சேரும் எஞ்சினியர் யாராவது அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "மேடம், ஏரி நடுவுல எட்டு பாயிண்ட் ஒரே அளவு தள்ளி இருக்கே, சர்வே மிஸ்டேக்கா?"

"மிஸ்டேக் இல்ல தம்பி. அது ஒருத்தரோட கழி" என்பேன். அந்தக் கழியை அவர் அறுத்துவிட்டார். அதன் பழைய நீளம் இன்று சேற்றுக்கு அடியில் மட்டும்தான் இருக்கிறது.