நூற்றியொன்று காட்டிய கேஷ் டிரைவ்

நல்லூரில் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் எடிட்டிங் செய்கிறேன். எடுத்த படமெல்லாம் நாஸ் என்ற பொதுச் சேமிப்புப் பெட்டியில் கிடக்கும். உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க்குகள். வேகத்துக்கென்று முதலாளி அண்ணை மலிவாக இரண்டு எஸ்எஸ்டி வாங்கி, இடைத்தங்கலுக்கான கேஷாகப் பூட்டியிருந்தார். வருகிற எதுவும் முதலில் அந்த இரண்டிலும் ஒரே மாதிரி எழுதப்படும். பிறகுதான் ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கும்.

ஒரு காலை, அரியாலையில் எடுத்த கலியாணம் முழுவதையும் அண்ணை பெட்டியில் ஏற்றினார். ஏற்றின கையோடு பின்னேர வேலைக்கென்று மெமரி கார்டுகளை அழித்தும் விட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. எஸ்எஸ்டிகளின் நிலையைத் திறந்து பார்த்தேன்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "நூற்றியொண்டு வீதம். சதமே அடிச்சிட்டுது. பிறகேன் கத்துது?"

"அது எடுத்த புள்ளி இல்லை அண்ணை, தேய்ஞ்ச அளவு. நூறு வந்தா ஆயுள்கணக்கு முடிஞ்சுது."

"விசர்க்கதை கதையாதை. எஸ்எஸ்டி வந்த கவரிலை நூற்றைம்பது டெராபைட் எண்டு போட்டிருக்கு. எங்கடை படமெல்லாம் சேர்த்தாலும் இருபது வராது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அது கொள்ளளவு இல்லை. வாழ்நாளில் மொத்தமாக எவ்வளவு எழுதலாம் என்ற கணக்கு. அழித்து அழித்து அதே இடத்தில் எழுதினாலும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறும். ஆனால் கலியாணங்கள் மட்டும் இப்படித் தின்றிருக்காது. தேடினேன். கடையில் ஒருமுறை களவு நடந்த பிறகு அண்ணை பூட்டிய நான்கு கண்காணிப்புக் கேமராக்களும் இரவு பகலாக இதே பெட்டியில்தான் பதிந்துகொண்டிருந்தன. நீளமான பதிவுகளும் கேஷ் வழியே போகட்டும் என்று அவரே ஒரு தெரிவை அமத்தியிருந்தார். வெறும் கடை வாசலை எழுதி எழுதியே இரண்டும் தேய்ந்திருந்தன.

"அப்ப செத்துதோ?"

"கணக்கு முடிஞ்சா உடனே சாகுமெண்டில்லை. இன்னும் கனகாலம் ஓடலாம், இப்பவே நிண்டும் போகலாம்."

"ஒண்டு போனால் மற்றது இருக்கெல்லே?"

"ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, ஒரே அளவு எழுதினது. சேர்ந்தே போகலாம்."

அவர் எஸ்எஸ்டியைக் கழற்றக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ! கலியாணத்திலை பாதி இன்னும் அதுக்குள்ளைதான். கார்டையும் அழிச்சிட்டியள். தாலியைத் திருப்பிக் கட்டச் சொல்லுறதோ?"

கேமராப் பதிவை நிறுத்தினேன். கேஷை நீக்கும்படி பெட்டிக்கே கட்டளை கொடுத்தேன். அப்படிச் செய்தால் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டுத்தான் அது விலகும். எவ்வளவு இறங்கியது என்று திரையில் காட்டும் கோடு நகரவே மாட்டேன் என்றது. கரண்ட் போனால் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இருவருக்கும் தெரியாது. அண்ணை வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். நான் அவரைத்தான் ஏசினேன்.

கோடு முடிந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். எல்லாம் ஓடியது. தாலி கட்டும் காட்சியை அண்ணை இரண்டு தரம் போடச் சொன்னார்.

கேமராக்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் பூட்டினோம். கேஷ் இல்லாமலே எடிட் செய்து பார்த்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப உந்த எஸ்எஸ்டியளை ஏன் வாங்கினனாங்கள்?" என்றார்.

"வாங்கினது நீங்கள்."