மழை மாதத்துச் சம்பளம்

ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிற அந்தக் கடைக்காரருக்கு ஒரு பெருமை இருந்தது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்: "நாலு வருஷமா கடையிலேர்ந்து ஒரு காசு சம்பளம்னு எடுத்ததில்லை. கடை தன் கால்ல நிக்குது!"

மனுஷன் பொய் சொல்லவில்லை. எடுக்கவில்லைதான். ஆனால் மூன்று வேளையும் சாப்பிட்டார், வாடகை வீட்டில் குடியிருந்தார், மகளைப் படிக்க வைத்தார். அது எல்லாம் எங்கிருந்து வந்ததாம்? பெரிய கடை ஒன்றில் பில் போடும் வேலை பார்த்த அவர் மனைவியின் இருபத்தி நாலாயிரம் சம்பளத்திலிருந்து. காலை எட்டு மணிக்குக் கவுன்டரில் நின்றால் மாலை ஐந்து வரை நிற்பாள். உட்கார நாற்காலி கிடையாது. இதைப் பற்றி மட்டும் கடைக்காரர் யாரிடமும் பெருமை பேசியதில்லை.

முழங்கால் வீங்கியபோதுதான் பேச்சே எழுந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல நிக்காதீங்கம்மா. நின்னா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார். அரை நாள் வேலைக்கு மாற்றித் தர அவள் முதலாளி தயார். சம்பளமும் அரைதான், பன்னிரண்டாயிரம். மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மீதிப் பன்னிரண்டாயிரம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

"அரை நாளும் வேணாம், நாளைக்கே வேலையை விட்டுடு!" என்றார் கடைக்காரர், வீராப்பாக. "முழு இருபத்தி நாலாயிரமும் கடையிலேர்ந்து நான் எடுத்துத் தரேன்."

"கடையில அவ்வளவு இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லாமலா? போன மாசம் கல்லா எப்படி நிறைஞ்சுது, பாத்தியே!"

போன மாதம் கடும் வெயில். ஊரே ஏசியைத் தட்டிக்கொண்டிருந்த மாதம். மனைவி மறுநாள் தானே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். கூடவே கணக்குக்காரப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தாள். அந்தத் தெருவில் ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள்; சின்ன வயசு, வாய் மட்டும் பெரிசு.

"அண்ணே, வெயில் மாசத்தைப் பாத்துச் சம்பளம் வச்சா மழை மாசத்துல பட்டினிதான்" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "பன்னிரண்டு மாசத்தையும் வரிசையா வைங்க, பாக்கலாம்."

வைத்தார்கள். சராசரியாக மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரவு. அதில் கம்ப்ரஸர், காஸ் என்று உதிரிச் சாமான்களுக்கே எண்பதாயிரம் போய்விடும். கடை வாடகை, இரண்டு மெக்கானிக்குகளின் சம்பளம், கரன்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அறுபத்தி ஐந்தாயிரம். மிச்சம் முப்பத்தி ஐந்து.

"பாத்தியா!" என்று துள்ளினார் கடைக்காரர். "இருபத்தி நாலு எடுத்தாலும் பதினொண்ணு நிக்குதே!"

"நிக்காதுண்ணே. வருஷக் கடைசியில வரி கட்டணும். உங்க வண்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அதுக்கெல்லாம் மாசம் பத்தாயிரமாவது ஒதுக்கணும். இப்ப மழை மாசத்தைப் பாருங்க. வரவு ஒண்ணு நாப்பது. சாமான் அறுபத்தி ரெண்டு. வாடகையும் சம்பளமும் குறையாது, அதே அறுபத்தி அஞ்சு. மிச்சம் எவ்வளவு?"

கடைக்காரர் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பதிமூன்றாயிரம்.

"அந்த மாசமும் இருபத்தி நாலு எடுத்தீங்கன்னா பேங்க்ல கிடக்குற நாப்பதாயிரத்தைத்தான் கரைக்கணும். அது கரைஞ்சா கம்ப்ரஸர் வாங்கக் காசிருக்காது. சாமானில்லாம எதை ரிப்பேர் பண்ணுவீங்க?"

அதற்குமேல் அவள் கேட்டதுதான் அவரைக் கீழே உட்கார வைத்தது. "நீங்க படுத்துட்டீங்கன்னா உங்க வேலையைப் பாக்க ஒரு ஆளை வைக்கணுமே, அவனுக்கு எவ்வளவு தருவீங்க?"

"முப்பதாயிரம் கேப்பான்."

"அதைக் கழிச்சுப் பாத்தா கடையில என்ன மிச்சம்ணே? உங்க உழைப்பு இலவசம்னு நினைச்சுத்தான் வீட்டுக்குப் போய்ப் பாக்குற கூலியை நாலு வருஷமா முந்நூறுலயே வச்சிருக்கீங்க. கடனுக்கும் செஞ்சு கொடுக்குறீங்க. கேட்டா 'அப்புறம் பாத்துக்கலாம்'. யாரு பாத்துக்கிட்டா? அக்காதான்."

கடைக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடைசியில் தொகையைச் சொன்னவள் மனைவிதான். "பன்னிரண்டு போதும். மழை மாசத்துலயும் கடை தாங்கும். நான் அரை நாள் போறேன். மத்த மாசத்துல மிஞ்சுறது பேங்க்லயே இருக்கட்டும். ரெண்டு மாசச் செலவுக்கு, அதான் ஒண்ணு முப்பது சேரட்டும். அப்புறம் சம்பளத்தை ஏத்துறதைப் பேசலாம்."

"ஏழெட்டு மாசமாகும்" என்றாள் கணக்குக்காரப் பெண். "கூலியை நானூறாக்கினா சீக்கிரமே சேரும்."

"நானூறுன்னா வர்றவங்க ஓடிட மாட்டாங்களா?" என்று முனகினார் அவர். ஒருவரும் ஓடவில்லை. ஒருவர் மட்டும், "இன்னுமா ஏத்தாம இருந்தீங்க?" என்று கேட்டார்.

ஒன்றாம் தேதி மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் போடும்போது தனக்கும் ஒரு கவர் போட்டார். இதைத் தவிர கல்லாவில் கை வைப்பதில்லை என்று பேச்சு. டீக்குக்கூட வீட்டுக் காசு. முதல் வாரம் இரண்டு தடவை கை தானாகப் போய்த் திரும்பி வந்தது.

மூன்றாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. அத்தோடு ஒரு மாணவர் விடுதி, குளிர் அறை ரிப்பேருக்குத் தர வேண்டிய பதினெட்டாயிரத்தைத் தராமல் இழுத்தடித்தது. சம்பளத்துக்கு முந்தின நாள் கணக்குக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஐயாயிரம் துண்டு விழுந்தது, அதுவும் அவர் சம்பளத்தைச் சேர்க்காமல்.

"அஞ்சாயிரத்தை எங்கேயாவது புரட்டிக்கலாம். இந்த மாசம் என் சம்பளத்தை விட்டுடறேன்" என்றார் அவர். வாயில் பழக்கமாக வந்துவிட்ட வார்த்தை. சொல்லும்போது ஒரு சுகம்கூட இருந்தது.

"தாராளமா விடுங்க. இருங்க, அக்காவுக்கு ஃபோன் போட்டுத் தரேன். நாளையிலேர்ந்து மறுபடி முழு நாள் நிக்கச் சொல்லி நீங்களே சொல்லிடுங்க."

ஃபோனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அரை நாளுக்கு மாறிய பிறகு மனைவியின் முழங்கால் வீக்கம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. முந்தின ஞாயிறு மாடிப்படியில் பிடிமானம் இல்லாமல் ஏறினாள். அவர் கீழே நின்று பார்த்தார். இதுவரை விட்டுக்கொடுத்ததெல்லாம் நம்முடையது என்று நினைத்தோமே, அது அவளுடையதல்லவா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பேங்க்ல இருக்கிறதை எடுக்கலாமா?"

"எடுக்கலாம், அதுக்குத்தான் சேக்குறோம். ஆனா அதுக்கு முன்னாடி வரவேண்டியதை வாங்கிட்டு வாங்க."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரிடமும் போய்க் காசு கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். விடுதி மேனேஜர், "அடுத்த மாசம் பாத்துக்கலாமே சார்" என்றார்.

"முடியாதுங்க. நாளைக்குச் சம்பள நாள்."

"ஆளுங்களுக்கா? ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தா போச்சு, நீங்க முதலாளிதானே!"

"ஆளுங்களுக்கும்தான். எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, ஈரக்குடையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். மூன்றாவது தடவை பணத்தோடு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் மனைவியிடம் கவரைக் கொடுத்தார். அவள் பிரித்து, விரலை நனைத்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள்.

"சரியாத்தான் இருக்கும்" என்றார், கொஞ்சம் ரோஷமாக. "எண்ணிப் பாத்துத்தான் வச்சேன்."

"இருக்கட்டுங்க. நாலு வருஷம் நான் கொடுத்ததை நீங்க ஒரு தடவைகூட எண்ணிப் பாக்கலையே."

சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடைக்காரர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு மாதம், மாதம் இருபத்தி நாலாயிரம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பதினொரு லட்சத்துக்கு மேல் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கணக்கை முழுதாகப் போட்டு முடித்துவிட்டு, அந்தத் தொகையை அவளிடம் வாய்விட்டுச் சொன்னார்.