சவ்வல் என்று எழுதிய பதினொரு பேர்

என் மகளின் சாதாரண தரச் சோதனை மறுமொழியில் உயிரியலுக்கு நேரே சித்தி என்றும் இல்லை, தவறியது என்றும் இல்லை. நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு அப்படி. அது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் படிப்பிக்க விடப்பட்ட தலைமுறை. பாடம் தமிழுக்கு மாறிய அந்த வருடம் எங்கள் கையில் தமிழ்ப் புத்தகம் இருக்கவில்லை. கலைச்சொல் தொகுதி அச்சாகிறது, வருகிறது என்றார்கள். வகுப்போ திங்கட்கிழமை எட்டு மணிக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நானே சொற்களைச் செய்து, ஸ்டென்சில் வெட்டி, பள்ளிக்கூடத்து ரோணியோ இயந்திரத்தில் உருட்டிக் குறிப்புகள் கொடுத்தேன்.

சொல் செய்வது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பெரும்பாலும் இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒளியையும் தொகுப்பையும் சேர்த்தால் ஒளித்தொகுப்பு. நுணுக்கையும் காட்டியையும் சேர்த்தால் நுணுக்குக்காட்டி. சேர்த்ததை வெட்டும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் நுணுக்குக்காட்டியின் வால் போய்விட்டது. "சேர், நுணுக்கைத் தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். பாதி புகவிடும் சவ்வு என்று கரும்பலகையில் நாளுக்குப் பத்துத் தடவை எழுதிக் கை உளைந்து, பா.பு.ச. என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டேன். அவர்கள் புள்ளிகளையும் கழற்றிவிட்டு 'பாபுச' என்று ஒரு பேரே ஆக்கிவிட்டார்கள். பாபுசவுக்குள்ளாலே தண்ணீர் போகும், சீனி போகாது. கேட்கச் சிரிப்பு வந்தாலும் பாடம் சரி.

அந்தச் சவ்வுக்குள்ளாலே தண்ணீர் பரவுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சவ்வூடு பரவல் என்றால் விளங்கும். ஆனால் அதிலிருந்து வினைச்சொல் எடுக்கப் போனால் நாக்குப் புரளாது. சவ்வு என்பதன் தலையையும் பரவல் என்பதன் வாலையும் எடுத்தேன். இரண்டிலும் வகரம் இருந்தது. அந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டினேன். சவ்வல். பிறந்ததிலிருந்து தமிழில் இருந்த சொல் மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

தொகுதி பிறகு வந்தது. அதில் அந்த இடத்தில் பிரசாரணம் என்று இருந்தது. ஒரு கிழமை முகம் சுழித்துக்கொண்டிருந்தேன். பிறகு, சோதனைக்குப் போகும் பிள்ளைகளை வைத்து என்ன வீம்பு என்று, இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல் என ஒரு பக்கம் உருட்டி என் வகுப்புக்குக் கொடுத்தேன். என் வகுப்பு மாறிவிட்டது.

என் மகள் என் வகுப்பில் இல்லை. அவள் சுன்னாகப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அங்கே அந்த வருடம் உயிரியலுக்கு ஆசிரியை இல்லை. என் முதல் குறிப்புகளைத்தான் கொண்டுபோனாள்; கூடப் படித்தவர்கள் அவற்றைப் பார்த்துக் கொப்பிகளில் எழுதிக்கொண்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் திருத்தப் பக்கம் கொடுத்த நான், வீட்டில் இருந்த பிள்ளைக்குக் கொடுக்க மறந்துபோனேன்.

மறுமொழி வந்து நாலாம் நாள் சோதனைத் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக அதிபரின் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அன்று பின்னேரம் மகள் பஸ்ஸால் இறங்கி, சாப்பிடாமல், கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டிருந்தாள். என்ன கேட்டார்கள் என்று நான் கேட்டேன். பதினொரு பேரும் ஒரே கேள்விக்கு ஒரு புத்தகத்திலும் இல்லாத ஒரே சொல்லை எழுதியிருக்கிறார்களாம். சோதனை மண்டபத்துக்குள் விடை கைமாறியிருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம். சொல் எங்கிருந்து வந்தது என்று இவளிடம் மூன்று தரம் கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன் பிள்ளை?"

"சொன்னால் உங்களைத்தானே பிடிப்பினம், அப்பா. தொகுதி வந்தாப் பிறகும் சொந்தச் சொல்லு படிப்பிச்சவர் எண்டு."

மற்றப் பிள்ளைகள், இவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதிய குறிப்பு என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். இவள் வாயே திறக்காததால் எல்லாச் சந்தேகமும் இவள் தலையில் போய் நின்றது. உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அந்த மாத முடிவோடு ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். உயிரியல் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது. அதைவிட, கள்ளம் செய்தவள் என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் அதை எந்தத் திருத்தப் பக்கமும் மாற்றாது.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, பழைய ஸ்டென்சில் பிரதிகளைக் கடுதாசிப் பையில் போட்டுக்கொண்டு மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனேன். புத்தூரிலிருந்து சுன்னாகம் பெரிய தூரமில்லை. அன்று இரண்டு இடத்தில் இறங்கி நின்றேன். சங்கிலி கழன்றதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கழலவில்லை.

விசாரணைக்கு வந்தவர் என்னைவிட வயது கூடியவர், வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி. மேசையில் பதினொரு விடைத்தாள்களையும் விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தார். நான் யார், எங்கே படிப்பிக்கிறேன் என்று சொல்லி, சொல் என்னுடையது என்றேன். பிரதிகளைக் கொடுத்தேன். அவற்றை வாசிக்காமல் ஓரமாக வைத்தார்.

"மாஸ்டர், ஒளித்தொகுப்பு எண்டு பத்துப் பேர் எழுதினால் நான் யோசிக்க மாட்டன்," என்றார். "அந்த ரெண்டு சொல்லும் தெரிஞ்ச ஆர் எண்டாலும் சேர்ப்பினம். உது அப்பிடி இல்லை. ஒண்டிலை தலையும் ஒண்டிலை வாலும் வெட்டி ஒட்டினது. எங்கை வெட்டிறது எண்டு ஒரு மனுசனுக்குத்தான் தெரியும். உது கையெழுத்து மாதிரி."

"ஓம் ஐயா. அந்தக் கையெழுத்து என்ரை."

"நீங்கள் தகப்பன். பிள்ளையைக் காப்பாற்ற நேற்று இரவு இருந்து ஸ்டென்சில் வெட்டியிருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மை பழுப்பேறியிருப்பதைக் காட்டினேன், தலையாட்டினார், அவ்வளவுதான். குறிப்பு பழையது என்று நம்பினாலும், மண்டபத்தில் ஒருத்தி எழுதியதை மற்றவர்கள் பார்க்கவில்லை என்று அது காட்டாது என்றார். மேசையில் கிடந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகத் தெரிந்த ஒன்றில் என் கண் நின்றது. யாரோ ஒரு பிள்ளை சவ்வலமுக்கம் என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சொல்லை நான் செய்யவில்லை. என் குறிப்பில் தண்ணீர் தள்ளும் அமுக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைத்தான் அவரிடம் சொன்னேன். என் சொல்லோடு அமுக்கத்தைத் தானாகச் சேர்த்திருக்கிறாள் என்றேன். பார்த்து எழுதுகிறவள் உள்ளதை எழுதுவாள், இல்லாத ஒன்றைக் கட்ட மாட்டாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மற்றத் தாள்களைத் தம் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். ஒருத்தி சவ்வலித்தது என்று வினையாக்கியிருந்தாள். ஒருத்தி உப்புநீரில் சோர்ந்த உருளைக்கிழங்குத் துண்டைச் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி தண்ணீரில் வீங்கிய முந்திரிகை வற்றலை. ஒருத்தி பாவம், தண்ணீர் போகும் திசையையே மாறி எழுதியிருந்தாள். சொல் ஒன்று, விடைகள் பதினொன்று.

இருந்தும் அவர் விடவில்லை. பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். ஒருத்தி போய் மற்றவளிடம் சொல்லாதபடி, கேட்டு முடிந்தவர்களை அடுத்த அறையில் இருத்தினார். எல்லோரிடமும் ஒரே கேள்வி, தாளில் வராத கேள்வி: ஊறுகாய்க்கு வெட்டிய தேசிக்காயில் உப்பைப் போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது?

எனக்கு வெளியே விறாந்தையில் ஒரு கதிரை தந்தார்கள். யன்னல் திறந்திருந்தது. முதலாவது பிள்ளை பயத்தில் இழுத்து இழுத்துச் சொன்னாள்: உள்ளே இருக்கிற தண்ணீர் உப்புப் பக்கம் சவ்வலிக்குது. அடுத்தவள், சவ்வலாலே வெளியாலே வருது என்றாள். மூன்றாவது பிள்ளை நல்ல வாயாடி. "அம்மாட்டைக் கேட்டால் உப்பு இழுக்குது எண்டுவா. உங்களுக்கு எண்டால் பாபுசவுக்குள்ளாலை சவ்வலெண்டு சொல்லுவன்," என்றாள். பாபுச என்றால் என்ன என்று அவர் கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தையும் விரித்துச் சொன்னாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவராகத்தான் இருக்க வேண்டும். அறையில் வேறு பெரியவர் இல்லை.

என் மகளைக் கடைசியாகக் கூப்பிட்டார். அவள் யன்னலுக்கு வெளியே என்னைக் கண்டுவிட்டாள். சொல் எங்கிருந்து வந்தது என்று அவர் நாலாம் தரமும் கேட்டார். அவள் யன்னல் பக்கம் என்னையே பார்த்தாள். நான் எழும்பி, "சொல்லு பிள்ளை, நான் சொல்லிப் போட்டன்," என்றேன்.

"அப்பா செய்தது," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆனால் சவ்வலமுக்கம் நான் செய்தது," என்றாள்.

வெளியே வந்தபோது அவர் என்னிடம் அதிகம் கதைக்கவில்லை. செயல் சரியாக விளக்கப்பட்டிருந்தால் வேறு பெயர் எழுதினாலும் புள்ளி கொடுக்கலாம் என்பது திருத்துகிறவர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான் என்றார். தாம் பார்க்க வந்தது கள்ளத்தை மட்டும் என்றார். என்ன எழுதி அனுப்புவார் என்று நான் கேட்கவில்லை. பிரதிகளைத் திருப்பித் தரவில்லை. அவற்றில் ஒன்றைத் தனியாக மடித்துத் தம்மிடம் வைத்துக்கொண்டதை மட்டும் கண்டேன். அதை நல்ல சகுனமாக எடுப்பதா, சாட்சியாக எடுப்பதா என்று தெரியாமல் பன்னிரண்டு நாள் கிடந்தேன். என் மனைவி பொழுதுக்கும் கோயிலுக்குப் போய் வந்தாள். நான் போகவில்லை. கடவுளிடம் கேட்கும் உரிமை குற்றவாளிக்கு இல்லை என்பதுபோல ஒரு எண்ணம்.

பதின்மூன்றாம் நாள், மாதம் முடிவதற்கு முன்பே, கடிதம் வந்தது. படலையடியில் வாங்கியவள் மகள். நின்றபடியே உடைத்தாள். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். உயிரியல், திறமைச் சித்தி. பதினொரு பேரில் பத்துப் பேர் தேறியிருந்தார்கள் என்று பின்னேரம் தெரிந்தது. தவறிய பிள்ளை திசையை மாற்றி எழுதியவள். அது நியாயம்தான், அடுத்த முறை அவளும் எடுத்துவிட்டாள்.

மகள் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, கூட்டாளிகளிடம் சொல்ல என் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனாள். படலை திறந்தபடி கிடந்தது. எழும்பிப் போய்ச் சாத்த வேண்டும் என்று நினைத்தேன். அவள் திரும்பி வரும்வரை அந்தக் கடிதத்தில் அவளுடைய சோதனைச் சுட்டிலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.