தேத்தண்ணிக் கேள்வி

கற்பிட்டி ஹோட்டலை விட்டு நுரைச்சோலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். வரவேற்பு மேசை வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் நாங்கள் இருவருமே ஒரு கேள்வியால் தோற்றிருந்தோம். கேள்வி இதுதான்: களைத்துப்போய் வழியில் தேநீர் குடிக்க நின்றோம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'ஸ்டொப்ட்' என்பதற்குப் பின்னால் 'டு ட்ரிங்க்' வருமா, 'ட்ரிங்கிங்' வருமா? இருவரும் 'ட்ரிங்கிங்' என்பதற்குக் கோடு போட்டிருந்தோம்.

"என்ஜோய், பினிஷ், அவொய்ட், ஸ்டொப், எல்லாத்துக்கும் பொறகு ஐ-என்-ஜி எண்டு டியூசன் சேர் பாட்டாவே படிச்சுத் தந்தாரே மச்சான்," என்றான் கூட வந்தவன்.

"அப்பிடிப் போட்டா தேத்தண்ணி குடிக்கிறதையே உட்டுட்டோம் எண்டு அர்த்தமாம். மனேஜர் சொன்னது கேக்கலியா?"

"நாங்க எப்ப தேத்தண்ணிய உட்ட?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர்களை வான் வண்டியில் கூட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், 'வீ ஸ்டொப் டு ஈட்' என்று நானே எத்தனையோ கடை வாசலில் சொல்லியிருக்கிறேன். அவர்களும் இறங்கிச் சாப்பிட்டார்கள். வினாத்தாளைக் கண்டதும் என் வாய்ப்பழக்கத்தை நம்பாமல் அந்தப் பாட்டை நம்பினேன்.

மறுநாள் காலை நுரைச்சோலையில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். தோட்டக்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை; என் கைகளைப் பார்த்துவிட்டு, வெங்காயம் அள்ள ஒரு சாக்கைத் தந்தார்.