தொண்ணூற்றொன்றின் ஓட்டை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் என் மகளுக்குக் கணக்கு டியூஷன். அந்த டீச்சர் தாள் திருத்துவதே தனி. நூறு கட்டம் போட்ட தாளில் பிள்ளைகள் பகா எண்களுக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். டீச்சர் பகா எண் வரும் இடங்களில் ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்துப் பார்ப்பார். எல்லா ஓட்டையிலும் வண்ணம் தெரிந்தால் முழு மார்க். அதைப் பார்த்துத்தான் கணக்குப் புதிர்ப் போட்டிக்கு ஆள் எடுப்பார். ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகள், அந்தப் போட்டிக்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்றுக்கு இவள் வண்ணம் தீட்டவில்லை. அட்டையில் அங்கே ஓட்டை இருந்தது.

டீச்சர் இவளை முன்னால் நிறுத்திக் கேட்டாராம். இரட்டை எண்ணா? இல்லை. ஒன்பதும் ஒன்றும் பத்து, மூன்றில் மீதியில்லாமல் போகுமா? போகாது. ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியுதா? இல்லை. அப்புறம் என்ன என்றதற்கு இவள் ஏழில் போகும் என்றிருக்கிறாள். ஏழுக்கு நான் சோதனையே சொல்லித் தரலியே, நீ பெரிய மேதாவியா என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. வகுப்பு முடியும்வரை நிற்க வைத்துவிட்டார். கூட்டிப்போகப் போனபோது பிள்ளை முகம் வெளிறிக் கிடந்தது.

விறுவிறுவென்று மேலே ஏறினேன். ஏழுக்கும் சோதனை இருக்கிறது: கடைசி இலக்கம் ஒன்று, அதை இரட்டித்தால் இரண்டு, முன்னால் இருக்கும் ஒன்பதில் கழித்தால் ஏழு. ஏழில் போகிறது, ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று என்று அவர் மேசையிலேயே போட்டுக் காட்டினேன். நூறுக்குள் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு நான்கையும் பார்த்தால் போதும், இவர் ஏழுக்குச் சோதனை பார்க்காமல் அட்டை வெட்டியிருக்கிறார்; நாற்பத்தொன்பதும் எழுபத்தேழும் வாய்ப்பாட்டிலேயே வருவதால் தப்பின, தொண்ணூற்றொன்று மாட்டிக்கொண்டது. அந்தம்மா தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். சரிதான் என்றும் சொன்னார்.

பிறகு சொன்னார்: "ஆனா மத்த பிள்ளைங்க எல்லாம் கலர் பண்ணி முழு மார்க் வாங்கிட்டாங்க. இப்ப மாத்துனா எல்லாரையும் குறைக்கணும். இந்த வருஷம் இப்படியே போகட்டும்லா. உங்க பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொரு தாள் தரேன்."

இந்தம்மாவுக்கெல்லாம் யார் சாக்பீஸ் கொடுத்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. போட்டிக்கு வாய்ப்பு மிச்சம் இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் புதுத் தாளில் முழு மார்க் வாங்கி இவள் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். வீடு திரும்ப கிள்ளான் போகும் ரயிலில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்றை விட்டிருந்தாள், ஐம்பத்தேழை விட்டிருந்தாள், எண்பத்தேழையும் விட்டிருந்தாள், எல்லாம் மூன்றில் போகும். தொண்ணூற்றொன்றில் மட்டும் அழகாகப் பச்சை வண்ணம்.

"இது ஏழுல போகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "அட்டையில ஓட்டை இருக்கே."