அடிக்கு ஆறு அங்குலம்

ஆம்பூரில் நான் வீடுகளுக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. டிராயிங் பரீட்சை தேறியவன் என்ற மிதப்பு என்னிடம் ஏகத்துக்கும் இருந்தது. யார் கணக்குக் கேட்டாலும் பென்சிலைத் தொடாமல் பதில் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கௌரவம்.

வாணியம்பாடிக்கார கான்ட்ராக்டர் பாய் ஒருவர், நான் போட்ட பிளானை வைத்துத் தோல் காயவைக்கும் கொட்டகை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு போட்டாக வேண்டும். தவறினால் முதலாளி இன்னொரு வேலை தரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க என் அறைக்கு வந்தார்.

"சார், கூரை வாட்டம் அடிக்கு ஆறு அங்குலம்னு போட்டுக் குடுத்துட்டீங்க. நம்ம தச்சனுக்கு அது போதும். மெட்ராஸ் வார்ப்படக்காரன் ஒத்துக்க மாட்டேன்றான். டிகிரி எழுதினாத்தான் அச்சு வெப்பானாம். இன்னா டிகிரி? மூணு மணி ரயிலுக்கு நானே போறேன்."

கூரையைத் தாங்கும் கைமரங்களின் கால் சுவர்மேல் உட்காரும் இடத்தில் மாட்ட நாற்பது இரும்புப் பிடிகளை அவன் வார்த்துத் தர வேண்டும். வார்த்த இரும்பை வளைக்க முடியாது. கூரையின் சாய்வும் பிடியின் சாய்வும் பொருந்தாவிட்டால் நாற்பதும் வீண், மழைக்கு முன் வேறு வார்க்க நாளும் இல்லை.

"அடிக்கு ஒரு அடி ஏறினா நாற்பத்தஞ்சு டிகிரி. பாதி ஏறினா அதுல பாதி. இருபத்திரெண்டரைன்னு எழுதிக்குங்க பாய்" என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்த பதிலைக் கேட்டு அவர் அசந்துபோனார். நானும்தான்.

அவர் போன பிறகு, தச்சனுக்கான படத்திலும் அந்த எண்ணை அழகாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. பன்னிரண்டு அங்குலம் படுக்கைக்கோடு, அதன் முனையில் ஆறு அங்குலம் நேர்க்கோடு, இரண்டையும் சேர்த்து ஒரு சாய்கோடு. பித்தளைக் கோணமானியை வைத்தேன். இருபத்தாறரை காட்டியது. கோணமானியைத் திட்டினேன். துடைத்து மறுபடி வைத்தேன். அதே இருபத்தாறரை.

கணக்கு அட்டவணைப் புத்தகத்தைப் பிரித்தேன். ஏற்றத்தைப் படுக்கை நீளத்தால் வகுத்தால் அரை. டேன்ஜன்ட் வரிசையில் அரைக்கு நேரே இருபத்தாறு டிகிரி முப்பத்துநாலு நிமிஷம்; டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் நிமிஷம். நான் சொன்ன இருபத்திரெண்டரையில் பன்னிரண்டு அடிக்கு ஐந்து அடிகூட ஏறாது. ஆறு அடி ஏற வேண்டிய கூரை! முதல் ஆறு அங்குலம் ஏறும்போது கோணம் இருபத்தாறரை கூடுகிறது, அடுத்த ஆறுக்குப் பதினெட்டரைகூடக் கூடுவதில்லை. ஏற்றம் பாதியானால் கோணம் பாதியாகாது. பரீட்சையில் இதை எழுதித்தான் தேறியிருந்தேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

புத்தகமும் கையுமாக ஓடினேன். செருப்பு வாரறுந்தது, அதை உதறிவிட்டு ஓடினேன். தோல் ஏற்றிய மாட்டுவண்டிகள் தெருவை அடைத்து நின்றன. அவற்றின் நடுவே புகுந்து ஸ்டேஷனை எட்டியபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. பாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பாய்! தப்பு! நான் சொன்னது தப்பு! இருபத்தாறு டிகிரி முப்பத்துநாலு நிமிஷம்!"

அவர் முகம் சுருங்கியது. "காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு சொல்லுவீங்களா சார்? எதை நம்புறது?"

"காத்தால இல்ல பாய், ஒரு மணி நேரம்தான் ஆச்சு" என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே புத்தகத்தை நீட்டி அந்த வரியைக் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. கோணமானியில் பார்த்ததைச் சொன்னேன். வரைந்து, அளந்து பார்த்தேன் என்றதும்தான் தலையாட்டினார். தாளில் பழையதை அடித்து, புதியதை என் கையாலேயே எழுதவைத்தார். எனக்கு உயிர் வந்தது.

ரயில் கூவியது. பெட்டி அசைந்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"சார், முன்னால தகரம் போடற தாழ்வாரம் அடிக்கு மூணு அங்குலமாச்சே! அதுக்கும் எட்டுப் பிடி வேணும். இதுல பாதிதானே? பதிமூணு சொச்சம் போட்டுக்கட்டா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன்.

"போடாதீங்க! இருங்க, பார்த்துச் சொல்றேன்!"

ரயிலோடு சேர்ந்து வெறுங்காலில் ஓடிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். பன்னிரண்டில் மூன்று என்றால் கால். காலுக்கு நேரே விரலை வைத்தேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், ஊரே திரும்பிப் பார்க்க, தொண்டை கிழியக் கத்தினேன்:

"பதினாலு டிகிரி, ரெண்டு நிமிஷம்!"