குரல் கேட்குதா?

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எல்லோரும் அவரைத் 'திருப்பி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலக் கேள்விப் படிவத்தை வேறு யாராவது தமிழாக்குவார்கள். அந்தத் தமிழை மட்டும் இவரிடம் தருவார்கள். மூலத்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். தமிழ் என்ன சொல்கிறதோ அதை இவர் மறுபடி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அர்த்தம் எங்கே நழுவியது என்று பார்ப்பார்கள்.

அதற்கு முன் இருபத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை. சாட்சி உளறினால் உளறலாகவே சொல்ல வேண்டும், ஒழுங்குபடுத்தக் கூடாது. அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. படிவம் தப்பாக இருந்தால் இவருடைய ஆங்கிலமும் அப்படியே தப்பாக இருக்கும்.

அந்த வருஷம் வந்தது துக்கத்தைப் பற்றிய படிவம். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களிடம் கேட்கும் இருபத்திரண்டு கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் படித்துக் காட்டுவார். அதனால் புத்தகத் தமிழை எல்லாம் கழற்றிவிட்டு, எந்தப் பக்கத்து ஆளுக்கும் புரிகிற பேச்சில் எழுதியிருந்தார்கள். அக்கா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒரே காலையில் முடித்துக் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் வந்து நின்றார். முப்பது வயசு. எதையும் அட்டவணை போடாமல் நம்பாத ஆள்.

"அக்கா, பதினாலாவது கேள்விய ஒரு தடவ பாருங்க. நீங்க, 'இறந்தவரின் குரல் உங்களிடம் ஏதாவது கேட்கிறதா'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்க."

"தமிழ்ல அப்படித்தானே இருக்கு தம்பி?"

அவர் தாளை நீட்டினார். 'இறந்துபோனவங்க குரல் கேட்குதா?' அவ்வளவுதான்.

"இன்னொருத்தரும் தனியா திருப்பி எழுதியிருக்காரு. அவரு, 'குரல் உங்கள் காதில் விழுகிறதா'ன்னு எழுதியிருக்காரு. மூலமும் அதுதான்."

அக்கா அந்த மூன்று வார்த்தைகளையும் வெகுநேரம் பார்த்தார். முதல் வரைவில் 'தங்களுக்குக் கேட்கிறதா' என்று இருந்திருக்கிறது. எளிமைப்படுத்தியவர் 'தங்களுக்கு' மட்டும் கனமாக இருக்கிறதென்று எடுத்துவிட்டார். அது போனதும் சொல் இரண்டு பக்கமும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. காதில் விழுவதும் கேட்பதுதான், கேள்வி போடுவதும் கேட்பதுதான். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுதும்போது முதல் அர்த்தம் தன் மனதில் தோன்றவே இல்லை என்பதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

"நான் தப்பா படிச்சிருப்பேன்," என்றார்.

"இருக்கலாம். ஆனா ஜனங்க எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னு பாத்துட்டே மாத்தலாம்," என்றார் அவர். "மூலத்தப் பாத்துட்டீங்க, இனிமே இந்தப் படிவத்தத் திருப்பி எழுத முடியாது. சும்மா கூட வந்து உக்காருங்க."

சோதனைப் பேட்டிகள் வெளிநோயாளர் பகுதியின் கடைசி அறையில் நடந்தன. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மின்விசிறி. நர்ஸ் கேள்வியைப் படிப்பார். பதிலை வாங்கிக்கொண்டு, "இந்தக் கேள்விய உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க," என்பார். அக்கா மூலையில் குறிப்பெடுப்பார்.

முதலில் வந்தவர் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. தங்கை இறந்து ஐந்து மாதம்.

பதினாலாவது கேள்விக்கு, "ஆமாங்க, அடிக்கடி," என்றார்.

"உங்க வார்த்தையில சொல்லுங்க."

"செத்துப்போன ஆளு எங்கிட்ட எதாவது கேட்குதான்னு கேக்கிறீங்க."

அக்காவுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. தான் மட்டும் தப்பாகப் படிக்கவில்லை.

"என்ன கேட்கும்?" என்றார் நர்ஸ்.

"வந்துட்டியான்னு கேட்கும். கதவத் தொறந்ததும்."

அக்காவின் பேனா நின்றது.

இரண்டு நாள் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வேறு பக்கத்து ஆள், வார்த்தைகளை இழுத்துப் பேசினார். அவருடைய அப்பா போய் ஒரு வருஷம். அவரும் ஆமாம் என்றார். என்ன கேட்கும் என்றதும் கூச்சத்தோடு சிரித்தார்.

"வேற என்ன, வந்துட்டியான்னுதான்."

மூன்றாவது ஆள், நன்றாகப் படித்த ஒரு பள்ளி ஆசிரியை. தானே படிவத்தை வாங்கிப் படித்தார். கணவர் போய் எட்டு மாதம். 'அடிக்கடி' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "சாயந்திரம் வீட்டுக்குப் போனா, 'வந்துட்டியா'ன்னு கேட்பாரு." பிறகு நிமிர்ந்து, "நாம பதில் சொல்லலாங்களா?" என்றார்.

நர்ஸ் திரும்பி அக்காவைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் இல்லை.

அன்று ஒருங்கிணைப்பாளர் மூன்று குறிப்புகளையும் மேஜையில் பரப்பினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. "வீட்டுக்கு வந்தா எல்லாரும் அதத்தானே கேப்பாங்க," என்றார். "இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல." ஆனால் அவர் தாள்களை அடுக்கிய விதத்தில் ஏதோ அவசரம் இருந்தது.

அக்கா எழுந்து மனநல மருத்துவரின் அறைக்குப் போனார். அந்த அம்மாதான் ஆய்வுக்குத் தலைவி.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரு போயி பதினொரு மாசம் ஆச்சு. பூட்டத் தொறந்தா உள்ளேருந்து வந்துட்டியான்னு கேக்கிறாரு. எதுத்த வீட்டு டிவின்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதான் அந்தக் கேள்விய அப்படிப் படிச்சிருக்கேன். உங்க படிவத்தக் கெடுத்துட்டேன்."

"கெடுக்கல. காப்பாத்தியிருக்கீங்க," என்றார் மருத்துவர். "நீங்க சரியா எழுதியிருந்தா யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டோம்." பிறகு குரலைத் தணித்து, "துக்கத்துல இது ரொம்பப் பேருக்கு வரும்மா. வியாதி இல்ல. நீங்க என்ன பதில் சொல்றீங்க?" என்றார்.

"ஒண்ணும் சொல்றதில்ல. பேசாம வெளக்கப் போடுவேன்."

கேள்வி மாறியது. 'இறந்துபோனவங்க பேசுற சத்தம் உங்க காதுல விழுதா?' புதிதாக ஒருவரைப் பிடித்து, மூலம் காட்டாமல் திருப்பி எழுத வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் ஒட்டாவிட்டாலும் பொருள் ஒட்டியது. படித்தவர், படிக்காதவர், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று முப்பது பேரிடம் பழைய கேள்வியையும் புதியதையும் சில நாள் இடைவெளியில் படித்துக் காட்டினார்கள். பழையதற்கு ஆமாம் என்றவர்கள் இருபத்திரண்டு பேர். புதியதற்கு நான்கு பேர்.

"மத்த பதினெட்டு பேரு?" என்றார் அக்கா.

"அவங்க காதுல ஒண்ணும் விழல," என்றார் ஒருங்கிணைப்பாளர், அட்டவணையைப் பார்த்தபடியே. "ஆனா அவங்ககிட்ட கேக்குதாம். நானும் ரெண்டு ரெண்டு தடவ விசாரிச்சுட்டேன்."

அறிக்கையில் 'கேள்வியை மாற்றிய காரணம்' என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டார். 'கேட்குதா' என்ற சொல்லுக்கு இரு பொருள், என்று அக்கா சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் எழுத இருவருக்கும் மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா பூட்டைத் திறந்தபோது வாசலிலேயே நின்று, "வந்துட்டேன்," என்று சொன்னார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் மாதிரி ஒன்று. பிறகு வீடு அடங்கிவிட்டது. அவர் பயப்படவில்லை. ஆனால் விளக்கைப் போட முன்பைவிட நேரமானது.

அடுத்த மாதம் அக்காவின் கூடப்பிறந்த தம்பி குடும்பத்தோடு வந்து அவர் வீட்டிலேயே தங்கிவிட்டான். அக்காதான் கூப்பிட்டார். இப்போது கதவு திறந்ததும் தம்பி கேட்கிறான், அவன் மனைவி கேட்கிறாள், பிள்ளைகள் இரண்டும் கேட்கின்றன. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார். எத்தனை குரல் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.